ப்ராஜெக்ட் பிளானில் ஒருவர் மேல் மட்டும் வேலை குவிந்தால்?

கேள்வி: எம்எஸ் ப்ராஜெக்டில் டீமில் ஒருத்தருக்கு மட்டும் வேலை ஓவராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மணிக்கணக்கில் எப்படி மாற்றிவிடுவது?

Resource Usage பார்வையைத் திறந்து, Timescale-ஐ நாளாக வையுங்கள். வேலை மிஞ்சியவர் பெயர் சிவப்பில் தெரியும். ஆனால் சிவப்பை மட்டும் நம்பாதீர்கள். ஒரே காலை 9 மணிக்கு இரண்டு 2 மணி நேர வேலைகள் தொடங்கினாலே, அன்றைய மொத்தம் 4 மணிதான் என்றாலும் சிவப்பாகிவிடும். அதற்குப் பிளானை மாற்ற வேண்டியதில்லை, அவரே முன்பின்னாகச் செய்துகொள்வார். நாள் மொத்தம் 8ஐத் தாண்டுகிறதா என்பதே கேள்வி.

ஒரு டெஸ்டருக்குப் புதன்கிழமை லாகின் டெஸ்டிங் 6, ரிப்போர்ட் சரிபார்ப்பு 4, மீட்டிங் 2 என்று 12 மணி விழுந்திருக்கிறது என்று வையுங்கள். நகர்த்த வேண்டியது 4 மணி. எதை? Gantt Chart பார்வையில் Total Slack நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள்; ரிலீஸ் தேதி தள்ளாமல் ஒரு வேலை எவ்வளவு தாமதிக்கலாம் என்று அது காட்டும். லாகினுக்கு 0, அதைத் தொட்டால் ரிலீஸ் தேதியே தள்ளும். ரிப்போர்ட்டுக்கு 2 நாள் இருக்கிறது. வியாழனில் அவருக்கு 3 மணி வேலைதான்.

மறுபடி Resource Usage பார்வைக்கு வந்து, அவர் பெயருக்குக் கீழே ரிப்போர்ட் வரிசையில் புதன் கட்டத்தில் 0, வியாழனில் 4 என்று அடியுங்கள். புதன் 8, வியாழன் 7. பிறகு Work நெடுவரிசையில் ரிப்போர்ட்டின் மொத்தம் பழையபடி 4தானா என்று பார்த்துவிடுங்கள். வியாழனை நிரப்ப மறந்தால் வேலையே பிளானிலிருந்து காணாமல் போய்விடும், எந்த எச்சரிக்கையும் வராது.

Slack உள்ள வேலையே இல்லையென்றால், ஆளை மாற்றுங்கள் அல்லது தேதியைப் பேசுங்கள்.