மூன்று கோன், ஐந்து நூல்: படத்தில் இருக்கும் ஓவர்லாக் எது?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டு மாடியில் இரண்டு பவர் மெஷின் போட்டு காட்டன் நைட்டி தைக்கிறோம். தண்டையார்பேட்டையில் மூடப்போகும் ஒரு பட்டறையிலிருந்து ஓவர்லாக் மெஷினின் படம் அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து நூல் மெஷின் என்கிறார்கள், ஆனால் மூன்று கோன்தான் தெரிகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள் அம்மா. கோனை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், வைப்பார்கள். படத்தைப் பெரிதாக்கி, மெஷினின் முகப்பில் நூலை இறுக்கும் திருகுகளை எண்ணுங்கள். நூலுக்கு ஒரு திருகு என்பதுதான் கணக்கு. நீங்கள் அனுப்பிய படத்தில் ஐந்து இருக்கின்றன, இரண்டில் நூல் இல்லை. ஊசி பிடிக்கும் இடத்தில் ஓர் ஊசியும் பக்கத்தில் ஒரு காலித் துளையும் தெரிகின்றன. ஆக, இது ஐந்து நூல் மெஷின்தான். சங்கிலித் தையல் போடும் ஊசியைக் கழற்றி, அதற்கான லூப்பர் நூலையும் எடுத்துவிட்டு, ஓரம் அடிக்க மட்டும் ஓட்டியிருக்கிறார்கள்.

பெயர்ப் பலகையின் படத்தையும் கேளுங்கள். ஜூகி என்றால் எம்.ஓ. 6704 மூன்று நூல், 6714 நான்கு நூல், 6716 ஐந்து நூல். சிருபாவில் அதே வரிசையில் 737, 747, 757. ஆனால் பழைய மெஷின்களில் பலகை மாறியிருக்கலாம், அதனால் பலகையும் திருகுகளும் ஒத்துப்போகவேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த ஊசியை ஏன் கழற்றினார்கள்? ஓரம் அடிக்கும் வேலை மட்டுமே வந்திருக்கலாம். சங்கிலிப் பக்கத்து லூப்பர் வளைந்து, தையல் விட்டு விட்டு விழுந்ததாலும் இருக்கலாம். இதைப் படம் சொல்லாது. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஒரு மெஷினை ஐந்து நூல் விலைக்கு வாங்கி, கடைசிவரை மூன்று நூலில்தான் ஓட்டினார்.

ஆகவே இரண்டு ஊசியும் ஐந்து கோனும் ஒரு துண்டு பாப்ளினும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். துணியை இரண்டாக மடித்து ஒரு முழ நீளம் தைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் வலை போன்ற தையலும், சற்று உள்ளே தள்ளித் தனியாக ஒரு நேர்க்கோடும் விழவேண்டும். அந்தக் கோட்டின் இருபுறமும் துணியைப் பிரித்து இழுத்துப் பாருங்கள். நடுவில் வாய் பிளந்தால் தையல் விடுகிறது, விலையைக் குறையுங்கள் அல்லது திரும்பி வாருங்கள். முடித்த முனையில் நூலை இழுத்தால் சங்கிலி பிரிந்து வரும், அது பழுதல்ல. அடுத்த தையலுக்குள் முனை மாட்டிக்கொள்ளும்படி தைத்தால் போதும்.

காட்டன் நைட்டிக்கு இந்த மெஷின் லாபம்தான், பக்கத் தையலும் ஓரமும் ஒரே ஓட்டத்தில் முடியும். லெக்கிங்ஸ், டி-ஷர்ட் ஆர்டர் எடுக்கும் எண்ணம் இருந்தால் நான்கு நூல் மெஷினைத் தேடுங்கள். பனியன் துணி இழுபடும்போது அந்தத் தையல்தான் கூடவே நீளும்.