தவறான இடத்து நிறுத்தக் குறியை செல் கண்டுபிடிக்கும் விதம்

"தஞ்சாவூர்ல எம்.எஸ்சி. படிக்கிறேன். நிறுத்தக் குறி முன்னாடியே வந்துட்டதுன்னு செல்லுக்கு எப்படித் தெரியுது?"

இன்ட்ரானை வெட்டி ஒட்டிய ஒவ்வோர் இணைப்புக்கும் சுமார் 24 எழுத்து முன்னால் ஈஜேசி என்ற புரதத் தொகுப்பு உட்காரும். முதல் தடவை வாசித்துக்கொண்டு போகும் ரைபோசோம் அதைத் தள்ளிவிடும்.

மூன்று எக்ஸான் கொண்ட பீட்டா குளோபினைப் பாருங்கள். அதன் 39வது கோடான் CAG, UAG என்ற நிறுத்தக் குறி ஆகிவிட்டால் ரைபோசோம் இரண்டாம் எக்ஸானிலேயே நின்றுவிடும். கடைசி ஈஜேசி தள்ளப்படாமல் அப்படியே இருக்கும்; குறி முன்னாடியே வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். நின்ற இடத்து யூபிஎஃப்1 என்ற புரதம் அந்த ஈஜேசியோடு சேர, எஸ்எம்ஜி1 என்ற நொதி யூபிஎஃப்1-இல் பாஸ்பேட் ஏற்றும், எஸ்எம்ஜி6 என்ற நொதி அருகிலேயே ஆர்என்ஏவை வெட்டும். ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதானவருக்குப் பெரும்பாலும் லேசான சோகைதான்.

121வது கோடான் நிறுத்தக் குறி ஆகிவிட்டால் நிலைமை மோசம். அது கடைசி எக்ஸான், தாண்டி ஈஜேசி கிடையாது. தப்பிய ஆர்என்ஏ குறைப்புரதத்தைச் செய்து குவிக்கும். ஒரே பிரதி பழுதும் நோயாகும்.

ஆய்வகத்தில் சைக்ளோஹெக்சமைடால் மொழிபெயர்ப்பை நிறுத்திப் பாருங்கள். பழுதான ஆர்என்ஏ மட்டும் கூடினால், அழித்தது இந்த வழி என்பதற்கு வலுவான அடையாளம்.