கிட்டு பெட்டியில போட்ட எண்ணிக்கையை நம்பாதீங்க: லேப் ரேட் பற்றிக் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில 22 வருசம் சின்ன லேப் நடத்தினவன் நான். ரேட் போடுற கணக்கு மட்டும் கேளுங்க.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, டிஎஸ்எச் எலைசா கிட்டு 2,400 ரூபாய், 96 டெஸ்ட்னு இருக்கு. ரீஏஜென்ட் செலவு ஒண்ணுக்கு 25 ரூபாய்தானே?

ஒரு வெல்லுக்கு 25. ரிப்போர்ட்டுக்கு இல்ல. ஒவ்வொரு ரன்னிலயும் ஆறு ஸ்டாண்டர்டு, ரெண்டு கண்ட்ரோல்னு எட்டு வெல் போயிரும். எட்டுப் பேர் ரத்தத்தோட ரன் போட்டா 16 வெல், 400 ரூபாய். எட்டு ரிப்போர்ட்டுக்கு வகுத்தா ஆளுக்கு 50. பதினாறு பேரைச் சேர்த்துப் போட்டா 24 வெல், 600 ரூபாய், ஆளுக்கு 37.50. கிட்டு அதே கிட்டுதான், கூட்டம்தான் விலையை மாத்துது. போன மாசம் எத்தனை கிட்டு தீர்ந்தது, எத்தனை ரிப்போர்ட் கையெழுத்தாச்சுன்னு நோட்டை எடுத்து வகுத்துப் பாருங்க. ரிப்பீட் போட்டது, தேதி முடிஞ்சு கொட்டுனது எல்லாம் அதுலயே வந்துரும்.

தென்காசி: நாங்க கிட்டுக்கு ஒரு தடவைதான் ஸ்டாண்டர்டு போடுவோம். கர்வ் ரீடர்லயே சேவ் ஆயிருக்கும். எட்டு வெல் மிச்சம்.

கிட்டுக்குள்ள இருக்கிற தாள்ல அப்படிச் செய்யலாம்னு இருந்தா சரி. பெரும்பாலும் இருக்காது. நம்ம ஊர் மே மாசத்துல ரூம் டெம்பரேச்சர்ல இன்குபேட் பண்ணா நிறம் கூட ஏறும். மார்கழிக் கர்வை அதுக்கு வச்சா ரிப்போர்ட் பொய்யாயிரும். கண்ட்ரோல் தாள்ல சொன்ன எல்லையைத் தாண்டினா தெரிஞ்சுக்கலாம். அந்தக் கண்ட்ரோலையும் மிச்சம் பிடிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?

வள்ளியூர்: மிஷின் தேய்மானத்தையும் ஆள் கூலியையும் எப்படிச் சேர்க்கிறது? நாளைக்கு 200 டெஸ்ட் ஓடும்னு கம்பெனி ஆள் சொன்னான்.

ஓடும். நீங்க ஓட்டுவீங்களா? ரீடரும் வாஷரும் சேர்த்து 1,80,000 ரூபாய்னு வைங்க. ஆறு வருசம் உழைச்சா வருசத்துக்கு 30,000. லேம்பு, சர்வீஸ் 12,000. ஆக 42,000. உங்க லேப்ல அந்த மிஷின்ல வருசத்துக்கு எல்லா எலைசாவும் சேர்த்து 2,800 ரிப்போர்ட் வந்தா ஒண்ணுக்கு 15 ரூபாய். கம்பெனிக்காரன் சொன்ன எண்ணால வகுத்தா ஒரு ரூபாய்கூட வராது. ஆறு வருசம் கழிச்சுப் புது மிஷினுக்குக் கடன்தான் வாங்கணும்.

கூலிக்கு, 15,600 சம்பளத்தை 26 நாள், எட்டு மணி நேரம்னு வகுத்தா மணிக்கு 75. ஆனா ரத்தம் எடுக்க ஆள் வரக் காத்திருக்கிறது, கழுவுறது, ரிஜிஸ்டர் எழுதுறது போக ஆறு மணி நேரம்தான் மேஜை வேலை. அப்போ மணிக்கு 100. ஒரு ரன்னுக்குக் கைவேலை ஒண்ணரை மணி, 150 ரூபாய். எட்டுப் பேர்னா ஆளுக்குப் 19, பதினாறு பேர்னா அதுல பாதிதான்.

சங்கரன்கோவில்: டிஎஸ்எச்சுக்கு என்ன ரேட் வைக்கலாம்?

மேலே படிங்க.

திசையன்விளை: அம்மாவுக்கு டிஎஸ்எச் 6.2 வந்திருக்கு, மாத்திரை போடணுமா?

டாக்டர்ட்ட காட்டுங்க தங்கச்சி. இது விலைக் கணக்கு.

களக்காடு: எங்களது ட்ரஸ்ட் ஆஸ்பத்திரி. மிஷின் நன்கொடையா வந்தது. தேய்மானம் எதுக்கு? ஏழைகள்ட்ட இல்லாத செலவை வசூல் பண்ணச் சொல்றீங்களா?

வாங்கின காசு திரும்ப வேண்டாம்தான், அது உண்மை. ஆனா மிஷின் செத்தா டெஸ்ட்டை நிறுத்திருவீங்களா? நிறுத்த மாட்டோம்னா இப்பவே ஒதுக்கணும். லேம்பும் சர்வீஸும் எப்படியும் கைக்காசு.

களக்காடு: அடுத்த மிஷினுக்கும் அதே நன்கொடையாளர் தருவார். இன்னைக்கு வர்ற நோயாளி எதுக்கு நாளைக்கு வர்றவருக்குக் கட்டணும்?

எழுதிக் கொடுத்திருக்காரா?

தென்காசி: களக்காட்டுக்காரர் சொல்றதுதான் நியாயம். கம்பெனி சும்மா வச்சுட்டுப் போற மிஷினுக்கு நாங்களும் தேய்மானம் போடுறதில்ல.

அது வேற கதைவே. மாசம் இத்தனை ரீஏஜென்ட் வாங்கணும்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் வைப்பான்; மிஷின் விலை ரீஏஜென்ட்லயே ஒளிஞ்சிருக்கு. மேல தேய்மானமும் போட்டா ரெண்டு தடவை வசூல். நன்கொடையில அப்படி ஒண்ணும் ஒளிஞ்சில்ல. களக்காட்டுக்காரர் கேக்கிற நியாயத்துக்கு எங்கிட்ட முழுப் பதில் இல்ல. நானா இருந்தா ஒதுக்குவேன்.

நாங்குநேரி: பக்கத்து லேப் 150 வாங்குறான். நாங்க 140 வைக்கலாமா?

அவன் எத்தனை பேருக்கு ஒரு ரன் போடுறான்னு தெரியுமா? அடுத்தவன் போர்டைப் பார்த்து விலை போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!

அம்பாசமுத்திரம்: வாரம் ரெண்டு ரன்தான் போடுறோம். ஒருத்தர் அன்னைக்கே ரிப்போர்ட் கேட்டா?

ஒருத்தருக்காகத் தனி ரன்னுன்னா ஒன்பது வெல் 225, கூலி 150, ஆக 375. மிஷின் தேய்மானத்தை இந்த ஒப்பீட்டுல சேர்க்காதீங்க; அந்த ஒரு ரன்னால அது பெருசாத் தேயாது. பெரிய லேப் அன்னைக்கே தந்து, கொண்டுபோற செலவோட 375-க்குள்ள முடிஞ்சா அனுப்பிருங்க. அவங்களும் மறுநாள்தான் தருவாங்கன்னா 375-ஐச் சொல்லிக் கேளுங்க. பாதிப்பேர் வியாழக்கிழமை ரன்னுக்கே வந்துருவாங்க.