விவரம் வராத வாரத்து ரிப்போர்ட்

அண்ணனுக்கு வணக்கம். மதுரையில் ஒரு பில்டிங் கான்ட்ராக்டர் ஆபீசில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சனிக்கிழமை ஆனால் 'வீட்டுக்காரருக்கு இந்த வார ரிப்போர்ட் அனுப்பும்மா' என்கிறார் முதலாளி. எது முடிந்தது, எது நிற்கிறது, எப்போது முடிக்க வேண்டும் என்று எதுவும் சொல்வதில்லை. போன வாரத்து ரிப்போர்ட்டையே தேதி மாற்றி அனுப்பிவிடலாமா?
– வாசகி, திருநகர்

அன்புள்ள தங்கைக்கு,

வேண்டாம். சைட் ஆபீசில் இருந்த காலத்தில் நானும் அதைச் செய்திருக்கிறேன். முந்தின வாரம் 70 சதவீதம் என்று இருந்ததை 80 ஆக்கினேன். எலக்ட்ரீசியன் வராமல் அந்த வாரம் முழுக்க வேலை நின்றிருந்தது எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் அதை நம்பித் தவணையைக் கட்டிவிட்டு மறுநாள் நேரில் வந்தார். அவர் முகம் இன்னும் மறக்கவில்லை.

முதலாளி சொல்லாவிட்டாலும் பாதி விவரம் ஆபீசிலேயே இருக்கிறது. ஆள் வருகை நோட்டையும் சிமெண்ட் சலான்களையும் எடுங்கள். 1,000 சதுர அடியில் 5 அங்குல கான்கிரீட் கூரை என்றால் ஏறக்குறைய 12 கனமீட்டர். சிமெண்ட், மணல், ஜல்லி 1 : 1½ : 3 என்ற கலவைக்குக் கனமீட்டருக்கு 8 மூட்டை சிமெண்ட் வைத்தால் 95 மூட்டை ஆகும். சைட்டுக்கு வந்ததே 40 மூட்டைதான் என்றால் கூரை போட்டிருக்க வழியே இல்லை. ரெடிமிக்ஸ் வாங்குகிற சைட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது, அங்கே லாரி சலானைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் மேஸ்திரிக்குப் போன் போடுங்கள். 'வேலை எப்படிப் போகுது?' என்று கேட்டால் 'போகுதும்மா' என்றுதான் பதில் வரும். 'கம்பி கட்டி முடிஞ்சதாண்ணே? கான்கிரீட் என்னைக்கு? யார் வரணும்னு காத்திருக்கீங்க?' என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியில்தான் தடை வெளியே வரும்.

முடிக்கும் தேதியை முதலாளிதான் சொல்ல வேண்டும். ஆனால் எந்தத் தேதிக்கு முன்னால் முடியாது என்பதை நீங்களே எழுதலாம். சாதாரண சிமெண்டில் போட்ட கூரைக்கு, தாங்கும் சுவர்களின் இடைவெளி 4.5 மீட்டர் வரை இருந்தால் 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள் முட்டுகளை எடுக்கக் கூடாது என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. அதுவரை கீழே பூச்சு வேலை தொடங்காது.

அப்படியானால் ரிப்போர்ட் இப்படி வரும்: 'சனிக்கிழமை மதியம் 12 மணி நிலவரம். கம்பி கட்டி முடிந்தது (மேஸ்திரி போனில் சொன்னது). கூரைக்குள் எலக்ட்ரிக் பைப் பதிக்கவில்லை, அதனால் கான்கிரீட் நிற்கிறது. திங்கட்கிழமை ஆள் வருவார் என்கிறார். சிமெண்ட் கையிருப்பு 40 மூட்டை, தேவை 95. முடிக்கும் தேதி இன்னும் உறுதியாகவில்லை.'

இதை மதியமே முதலாளியிடம் காட்டுங்கள். கடைசி வரியைப் பார்த்ததும் அவர் ஒரு தேதியைச் சொல்வார். சொல்லாவிட்டால் அந்த வரி அப்படியே போகட்டும்.