பெயர் உங்களுடையது, கம்பெனி அவருடையது

*"திருப்பூரில் ஒரு டிரேடிங் கம்பெனியில் மேனேஜராக இருக்கிறேன். 2021-ல் முதலாளி அந்தப் பிரைவேட் லிமிடெட்டில் 55 சதவீதப் பங்கை என் பெயரில் போட்டார். மீதி அவர் பெயரில். பணம் முழுக்க அவருடையது, நான் கையெழுத்து மட்டும்தான். அந்தக் கம்பெனிக்கு ஒரு சாயப்பட்டறை கம்பெனியில் 30 சதவீதம் இருக்கிறது. இப்போது BEN-1 என்ற படிவத்தில் என் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். நாமினிக்குச் சட்டத்தில் அனுமதி உண்டு, பயப்படாதே என்கிறார் கன்சல்டன்ட். போடலாமா?"*

போடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் அந்தப் பேனாவை மூடி வையுங்கள்.

BEN-1 என்பது "இந்தக் கம்பெனியின் குறிப்பிடத்தக்க உண்மை உரிமையாளர் நான்தான்" என்று எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. ஒரு கம்பெனியில் இன்னொரு கம்பெனி பங்கு வைத்திருந்தால், அந்த இரண்டாவது கம்பெனிக்குப் பின்னால் நிற்கும் மனிதர் யார் என்று சட்டம் கேட்கிறது. உங்கள் விஷயத்தில் சாயப்பட்டறையின் 30 சதவீதம் டிரேடிங் கம்பெனியிடம் இருக்கிறது. டிரேடிங் கம்பெனியில் பாதிக்கு மேல் யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் அந்த 30 சதவீதத்துக்கும் பின்னால் நிற்பவர். இப்படிப் பின்னால் நிற்பவர் கணக்கில் 10 சதவீதம் வந்தாலே அறிவிக்க வேண்டும். 30-ல் 55 சதவீதம் என்று குறைத்துக் கணக்குப் போடும் வேலையும் இங்கே கிடையாது. பாதியைத் தாண்டினால் முழு 30-ம் அவர் கணக்கில் சேரும்.

இப்போது காகிதத்தைப் பாருங்கள். 55 சதவீதம் உங்கள் பெயரில், முதலாளி பெயரில் 45. காகிதப்படி சாயப்பட்டறைக்குப் பின்னால் நிற்கும் ஆள் நீங்கள். 50-50 போடாமல் 55-45 போட்டது தற்செயலா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த ஐந்து சதவீதத்தால் அவர் பெயர் மறைந்து உங்கள் பெயர் முன்னால் வந்துவிட்டது. பொய் என்று தெரிந்தே BEN-1 கொடுத்தால், அது கம்பெனிகள் சட்டத்தில் மோசடிக்கான 447-வது பிரிவுக்குப் போகும். சிறைத்தண்டனை உள்ள பிரிவு அது. கையெழுத்து யாருடையதோ அவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். கன்சல்டன்ட் அங்கே வர மாட்டார்.

அந்த "அனுமதி உண்டு" என்ற பேச்சைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இரண்டு பங்குதாரர்கள் வேண்டும். ஒரு கம்பெனி தன் முழு உரிமையில் ஒரு துணைக் கம்பெனி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 பங்கில் 9,999-ஐத் தன் பெயரில் வைத்துக்கொள்ளும். எண்ணிக்கைக்காக மிச்சம் ஒன்றைத் தன் அதிகாரி பெயரில் போடும். அவர் நாமினி. இதைச் சட்டமே ஏற்கிறது. ஆனால் அங்கேயும் அந்த ஒற்றைப் பங்குக்கு, "இது என்னுடையதல்ல, அந்தக் கம்பெனியுடையது" என்று அதிகாரி MGT-4 கொடுப்பார். "ஆமாம், என்னுடையதுதான்" என்று தாய்க்கம்பெனி MGT-5 கொடுக்கும். இரண்டையும் சேர்த்து துணைக் கம்பெனி MGT-6-ஆகக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும். நாமினி சட்டப்படி நிற்பது இந்த மூன்று காகிதங்களின் மேல். நாமினி என்ற வார்த்தையின் மேல் அல்ல. ஒரு பங்குக்கே இவ்வளவு என்றால் 55 சதவீதத்துக்கு ஒன்றுமே இல்லாமல் இருந்தது எப்படி? (வங்கிக் கணக்கில் போடுகிறோமே, அந்த நாமினி வேறு. அவர் நம் காலத்துக்குப் பிறகு வாங்கிக்கொள்பவர். இரண்டையும் குழப்பி ஆளை ஏமாற்றுவதை நான் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.)

அந்த MGT-4-தான் உங்களுக்கும் வழி. உங்கள் பெயர் பங்குதாரர் பதிவேட்டில் ஏறிய 30 நாளுக்குள் நீங்கள் அதைக் கொடுத்திருக்க வேண்டும். முதலாளி MGT-5 கொடுத்திருக்க வேண்டும். இருவரும் செய்யவில்லை. அறிவிக்காதவருக்கு 50,000 ரூபாயும், தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாயும் அபராதம், அதிகபட்சம் 5 லட்சம். 1,000 நாள் தாமதம் என்றால் சுமார் இரண்டரை லட்சம். லாபம் பார்த்த முதலாளிக்கும் சம்பளம் வாங்கிய மேனேஜருக்கும் ஒரே கணக்கு. இதை எழுதியவர்கள் திருப்பூர் பக்கம் வந்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

எரிச்சல் அதோடு நிற்கவில்லை. 2024 மே மாதம் லிங்க்டுஇன் இந்தியா விவகாரத்தில், உண்மை உரிமையாளர் என்று அறிவிக்கவில்லை என்பதற்காக, டெல்லி கம்பெனிப் பதிவாளர் மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லாவுக்கே 2 லட்சம் அபராதம் போட்டார். கடல் தாண்டி இருப்பவரைக் கண்டுபிடிக்க முடிகிறது. பக்கத்துத் தெருவில் டிரைவர் பெயரிலும் கணக்குப்பிள்ளை பெயரிலும் ஓடும் கம்பெனிகளுக்கு யாராவது புகார் கொடுத்தால்தான் உண்டு. உண்மை உரிமையாளர் பதிவேட்டைப் பங்குதாரர்தான் பார்க்கலாம். கடன் கொடுத்தவரோ சரக்கு கொடுத்தவரோ பார்க்க முடியாது.

இந்த நாமினிச் சிக்கலுக்குக் கன்சல்டன்ட்கள் வைத்திருக்கும் மருந்து இரண்டு. ஒன்று, தேதி போடாத பங்கு மாற்றப் படிவம், அதாவது SH-4. "எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், உனக்குப் பாதுகாப்பு" என்பார்கள். பாதுகாப்பு உங்களுக்கு அல்ல. கையெழுத்தான நாளிலிருந்து 60 நாளுக்குள் அது கம்பெனிக்குப் போக வேண்டும். ஆகவே பின்னாளில் யாரோ தேதியை நிரப்புவார்கள், அந்தப் பொய்த் தேதிக்குக் கீழே உங்கள் கையெழுத்து இருக்கும். இரண்டாவது மருந்து, முத்திரைத்தாளில் எழுதி முதலாளியின் பீரோவில் பூட்டி வைத்த ஒப்பந்தம். கம்பெனிக்கே கொடுக்காத அறிவிப்பு, அறிவிப்பு ஆகாது.

முதலாளி முறைத்தால் ஒன்று சொல்லுங்கள். அறிவிக்காத பங்கின் மேல் உண்மை உரிமையாளர் எந்த உரிமையையும் வலியுறுத்த முடியாது என்று 89-வது பிரிவு சொல்கிறது. நாளை நீங்கள் "பங்கு என்னுடையது" என்று நின்றால் அவர் கதி என்ன என்று அவரே யோசிக்கட்டும். MGT-4, 5 முடிந்தால் டிரேடிங் கம்பெனியின் 100 சதவீதமும் அவர் கணக்குக்கு வந்துவிடும். சாயப்பட்டறைக்கான BEN-1-ல் அவரே கையெழுத்துப் போடலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் பங்கு என்பது பினாமிச் சட்டத்துக்குள்ளும் வரும். அதில் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை உண்டு, பெயர் கொடுத்தவருக்கும் சேர்த்து. தாமதமான MGT-4 அதைத் துடைத்துவிடாது. ஆகவே படிவத்தை அனுப்பும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். உங்கள் வக்கீலை, முதலாளி காட்டும் வக்கீலை அல்ல. டிவிடெண்ட் ஏதாவது உங்கள் பான் எண்ணில் வந்திருக்கிறதா, வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், MGT-4 கொடுக்க முதலாளியின் அனுமதி தேவையில்லை. அது பதிவேட்டில் பெயர் உள்ளவரின் கடமை. நீங்கள் கம்பெனிக்குக் கொடுத்தால் போதும், அதைப் பெற்ற 30 நாளுக்குள் MGT-6 போடுவது கம்பெனியின் பொறுப்பு. கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். கம்பெனியின் பதிவு முகவரிக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் அட்டையையும் ஆபீஸ் மேசையில் அல்ல, வீட்டில் வையுங்கள்.