கிடங்கில் சலித்த மண் வயலுக்கு ஆகுமா?

"எங்க ஊர் குப்பைக் கிடங்கை மெஷின் போட்டுச் சலிக்கிறாங்க. அந்த மண்ணை வயலுக்கு அடிக்கலாமா?"

நெல் வயலுக்கு வேண்டாம். பழைய குப்பையை நீளக் குவியலாகப் போட்டு, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, அவ்வப்போது புரட்டி, ஈரம் வற்றிய பிறகுதான் சுழல் சல்லடையில் விடுவார்கள். கீழே விழும் மண் கறுப்பாக, பார்க்க எரு மாதிரியே இருக்கும், ஆனால் கண்ணாடித் தூள், உப்பு, பழைய பேட்டரி ஈயம் எல்லாம் அதோடு சேர்ந்தே இறங்கிவிடும். கன உலோகமும் உப்பும் ஆய்வகத்தில் பார்த்த பிறகு பள்ளம் தூர்க்கலாம், அதுவும் குளம், வாய்க்கால் ஓரமாக இல்லாமல்.

மேலே தங்கும் பிளாஸ்டிக்கை, அரியலூர் பக்கம் இருப்பது போன்ற சிமெண்ட் ஆலைகளில் எரிபொருளாக்கலாம், மண் ஒட்டாமல் இருந்தால். ஐப்பசி மழையில் சலித்தால் அது நடக்காது, சல்லடைக் கண் சேற்றில் அடைத்து, நல்ல மண் பிளாஸ்டிக்கோடு வெளியே போகும். சரி, உங்கள் ஊரில் எப்போது சலிக்கிறார்கள்?