வரிசையாக வந்தால் மட்டும் தொடர் ஆகிவிடாது

அன்புள்ள சார்,

தினமும் உடற்பயிற்சி செய்ததை கூகுள் ஷீட்ஸில் குறித்து வருகிறேன். A-யில் தேதி, B-யில் செக்பாக்ஸ். C-யில் `=IF(B2=TRUE,N(C1)+1,0)` என்று போட்டுக் கீழே இழுத்துவிட்டு, அதற்கு MAX எடுக்கிறேன். அதிகபட்சத் தொடர் 5 நாள் என்று காட்டுகிறது. ஆனால் இந்த மாதம் நான் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் செய்யவே இல்லை. ஃபார்முலாவில் எங்கே தவறு? நடப்புத் தொடரை இன்றைய தேதிக்கு நேராக உள்ள C செல்லில் இருந்து எடுக்கிறேன். காலையில் திறந்தால் அது பூஜ்யம் என்கிறது. ஓய்வு நாளையும் தவறவிட்ட நாளாகவே எண்ணுகிறது. இதற்கும் வழி உண்டா? முதல் பத்து நாள் குறிப்பை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய குறிப்பைப் பார்த்தேன். 1, 2, 3 தேதிகளில் டிக் இருக்கிறது. 4 ஓய்வு நாள், டிக் இல்லை. 5, 6 தேதிகளில் டிக். அடுத்த வரியில் இருப்பது 8. அப்புறம் 9, 10. ஏழாம் தேதிக்கு வரியே இல்லை. அன்று செய்யவில்லை, அதனால் எழுதவும் இல்லை. சிக்கல் முழுக்க அந்த இல்லாத வரியில்தான் இருக்கிறது.

உங்கள் ஃபார்முலா தேதியை ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை. மேல் செல்லில் உள்ள எண்ணை எடுத்து ஒன்றைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் C-யில் மேலிருந்து கீழாக 1, 2, 3, 0, 1, 2 என்று வந்து, எட்டாம் தேதி வரியில் 3, ஒன்பதில் 4, பத்தில் 5 ஆகிவிட்டது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அடுத்தடுத்த வரிகள். நமக்கு வேண்டியது அடுத்தடுத்த நாட்கள். தினம் ஒரு வரி தவறாமல் இருந்தால் இரண்டும் ஒன்றுதான். ஒரு வரி விடுபட்டாலும் கணக்கு பிசகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மோசமான விஷயம். 5 என்பது நம்பும்படியான எண்ணாகவே தெரிகிறது. நீங்கள் சந்தேகப்பட்டதால் பிடிபட்டது.

C2-இல் இதைப் போடுங்கள்:

```
=IF(B2=TRUE, IF(A2=N(A1)+1, N(C1), 0)+1, 0)
```

உள்ளே இருக்கும் IF கேட்பது ஒரே கேள்விதான்: இந்த வரியின் தேதி, மேல் வரியின் தேதிக்கு மறுநாளா? ஆம் என்றால் மேலே இருக்கும் எண்ணிக்கையை எடுத்துக்கொள்கிறது. இல்லை என்றால் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பிறகு அந்த வரியின் நாளுக்காக ஒன்றைக் கூட்டுகிறது. ஷீட்ஸும் எக்ஸெலும் தேதியை உள்ளுக்குள் ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கின்றன, ஒரு நாளுக்கு ஒன்று என்ற கணக்கில். அதனால் ‘மறுநாள்’ என்பதை +1 என்று எழுதினாலே போதும், மாதக் கடைசியானாலும் வருடக் கடைசியானாலும். `N()` எதற்கு என்றால், முதல் வரியில் இருப்பது தலைப்பு. எழுத்தோடு ஒன்றைக் கூட்டச் சொன்னால் `#VALUE!` வரும். `N()` எழுத்தைப் பூஜ்யமாக மாற்றிக் கொடுத்துவிடும்.

இதைக் கீழே இழுத்துவிட்டால் உங்கள் பத்து நாள் 1, 2, 3, 0, 1, 2, 1, 2, 3 என்று மாறும். இப்போது MAX எடுத்தால் 3. நீங்கள் நினைத்தது சரிதான்.

அந்த மூன்று நாள் எப்போது என்று பார்க்க:

```
=INDEX(A2:A366, MATCH(MAX(C2:C366), C2:C366, 0))
```

இது தொடர் முடிந்த தேதியைத் தரும். அதிலிருந்து MAX-ஐக் கழித்து ஒன்றைக் கூட்டினால் தொடங்கிய தேதி. விடை எண்ணாக வந்தால் பதற வேண்டாம், அந்த செல்லுக்குத் தேதி வடிவம் கொடுத்தால் சரியாகிவிடும். உங்கள் குறிப்பில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: மூன்று நாள் தொடர் இரண்டு முறை வருகிறது, 1 முதல் 3 வரை ஒன்று, 8 முதல் 10 வரை இன்னொன்று. MATCH மேலிருந்து தேடி முதலில் கிடைத்ததோடு நின்றுவிடும், அதனால் 3-ஆம் தேதியைக் காட்டும். சமீபத்தியதுதான் வேண்டும் என்றால் கீழிருந்து தேடச் சொல்லலாம்:

```
=XLOOKUP(MAX(C2:C366), C2:C366, A2:A366, "", 0, -1)
```

கடைசியில் இருக்கும் -1தான் கீழிருந்து தேடச் சொல்வது. இது 10-ஆம் தேதியைத் தரும். பழைய எக்ஸெலில் XLOOKUP கிடையாது.

C நெடுவரிசையே இல்லாமல் ஒரே செல்லில் முடிக்கும் ஃபார்முலாவும் உண்டு. பலர் அதைத்தான் விரும்புகிறார்கள்:

```
=MAX(SCAN(0, B2:B366, LAMBDA(acc, v, IF(v=TRUE, acc+1, 0))))
```

பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இதுவும் தேதியைப் பார்ப்பதில்லை. எல்லா நாளுக்கும் முன்கூட்டியே வரி போட்டு வைத்தவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். அவர்களுக்கும்கூட நான் துணை நெடுவரிசையைத்தான் சொல்வேன். எண் தவறாகத் தெரிந்தால் C-யில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாலே எந்த வரியில் பிசகியது என்று தெரிந்துவிடும். ஒரே செல்லில் வெறும் விடை மட்டும் இருந்தால் அப்படித் தேட இடமே இல்லை.

காலையில் பூஜ்யம் காட்டுவதற்கு வருவோம். இன்றைய நாள் முடியவில்லை என்பதை ஃபார்முலாவுக்குச் சொல்லியாக வேண்டும். இன்றைய வரியில் டிக் இருந்தால் இன்றைய எண்ணிக்கை, இல்லாவிட்டால் நேற்றைய எண்ணிக்கை. இரண்டில் எது பெரியதோ அதை எடுத்தால் போதும்:

```
=MAX(SUMIF(A2:A366, TODAY(), C2:C366), SUMIF(A2:A366, TODAY()-1, C2:C366))
```

இன்று செய்துவிட்டால் இன்றைய எண் நேற்றையதைவிட ஒன்று கூடுதலாக இருக்கும், அது வரும். இன்னும் செய்யவில்லை என்றால் இன்றைய எண் பூஜ்யம், நேற்றையது வரும். நேற்றும் இன்றும் வரியே இல்லை என்றால் இரண்டும் பூஜ்யம், தொடர் முறிந்துவிட்டது என்று பொருள். இது சரியாக வர ஒரு நாளுக்கு ஒரு வரிதான் இருக்க வேண்டும். ஒரே தேதி இரண்டு முறை வந்தால் SUMIF இரண்டையும் கூட்டிவிடும், C-யும் இரண்டாவது வரியில் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கிவிடும். ஷீட்ஸில் `TODAY()` அந்தக் கோப்பின் நேர மண்டலத்தைப் பின்பற்றுகிறது, உங்கள் கைக்கடிகாரத்தை அல்ல. நள்ளிரவில் மாற வேண்டிய எண் வேறு ஏதோ நேரத்தில் மாறினால் File மெனுவில் Settings-ஐத் திறந்து Time zone என்ன என்று பாருங்கள்.

புதிய ஃபார்முலா போட்டதும் C முழுக்க 1, 1, 1 என்றே வந்தால் தவறு ஃபார்முலாவில் இல்லை, A-யில் இருக்கிறது. தேதி போல் தெரிவது உண்மையில் எழுத்தாக இருக்கலாம். பக்கத்தில் `=ISNUMBER(A2)` போட்டுக் கீழே இழுத்துவிட்டால் எழுத்தாக உள்ள வரிகளில் FALSE வரும். மாதத்தை முதலில் எழுதும் வழக்கத்துக்கு அமைத்த கோப்பில் நாளை முதலில் எழுதினால் இப்படி ஆகும்: 12 வரையுள்ள நாட்களை அது மாதம் என்று எடுத்துக்கொள்ளும், 13-இலிருந்து தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக வைத்துவிடும். Settings-இல் Locale-ஐ மாற்றிவிட்டு, எழுதிய தேதிகளையும் சரிபார்க்க வேண்டும். இன்னொரு காரணம், தேதியோடு நேரமும் சேர்ந்து பதிவாவது. படிவம் வழியாகக் குறிப்பவர்களுக்கு இது நடக்கும். நேரம் பின்னமாக ஒட்டிக்கொண்டிருப்பதால் ‘+1’ ஒருபோதும் பொருந்தாது. தனி நெடுவரிசையில் `=INT(A2)` எடுத்து, மற்ற ஃபார்முலாக்களை அதன்மேல் ஓட்டுங்கள். வரிகளும் பழைய தேதி மேலே, புதியது கீழே என்று இருக்க வேண்டும்.

கடைசியாக ஓய்வு நாள். செக்பாக்ஸில் செய்தேன், செய்யவில்லை என்ற இரண்டுக்குத்தான் இடம். மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் B-யில் செக்பாக்ஸை எடுத்துவிட்டு டிராப்டவுன் வையுங்கள்: செய்தேன், ஓய்வு, தவறியது. கையால் தட்டச்சு செய்யாதீர்கள், சொல்லின் முடிவில் ஓர் இடைவெளி சேர்ந்தாலே ஒப்பீடு பொய்த்துவிடும். C2 இப்படி மாறும்:

```
=IF(B2="செய்தேன்", 1, 0) + IF(OR(B2="செய்தேன்", B2="ஓய்வு"), IF(A2=N(A1)+1, N(C1), 0), 0)
```

ஓய்வு நாள் எண்ணிக்கையைக் கூட்டாது, முறிக்கவும் செய்யாது, மேலே இருந்ததை அப்படியே கீழே கடத்தும். 4-ஆம் தேதியை ஓய்வு என்று குறித்தால் C-யில் 1, 2, 3, 3, 4, 5 என்று வந்து, ஏழாம் தேதி இல்லாததால் எட்டில் மறுபடி 1, 2, 3. அதிகபட்சம் 5. பழைய ஃபார்முலா சொன்ன அதே 5தான், ஆனால் இது வேறு ஐந்து. அது விடுபட்ட ஏழாம் தேதியைத் தாண்டிக் குதித்து 5 முதல் 10 வரை எண்ணியது. இது 1 முதல் 6 வரை, ஓய்வைத் தவிர நீங்கள் உண்மையாகவே செய்த ஐந்து நாள்.

இப்படி மாற்றினால், தொடங்கிய தேதிக்கு முன்பு சொன்ன கழித்தல் கணக்கு செல்லாது. முடிந்த தேதி 6, அதிலிருந்து ஐந்தைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் 2 என்று வரும். தொடங்கியது 1-ஆம் தேதி. நடுவில் உள்ள ஓய்வு நாளை அந்தக் கழித்தல் அறியாது. அதனால் முடிந்த தேதியை ஃபார்முலாவில் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து C-யில் மேலே போய் 1 எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். 1 இரண்டு வரியில் அடுத்தடுத்து வந்தால் கீழ் வரியின் B-யைப் பாருங்கள்: அதில் ஓய்வு என்று இருந்தால் மேலே உள்ளதே தொடக்கம், செய்தேன் என்று இருந்தால் கீழே உள்ளதே தொடக்கம்.